ஸ்மார்ட் வாட்ச்: ஃபிலிமுக்கு அடியில் நுழையும் காற்று

புது ஃபோன் வாங்கினால் டெம்பர்டு கிளாஸ் ஒட்டாமல் கடையை விட்டு இறங்க மாட்டோம். அதே பழக்கத்தில் ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் ஏதாவது ஒன்று போட்டுத் தரச் சொல்கிறோம். கடைத் தம்பி இரண்டை எடுத்து முன்னால் வைப்பார். ஒன்று மெல்லிய ஃபிலிம். இன்னொன்று, மேலே கண்ணாடி பொருத்திய பிளாஸ்டிக் கேஸ். “கேஸ் போட்டுக்குங்க அண்ணே, ஒட்டுற வேலையே இல்ல, பபிளும் வராது” என்பார்.

அவர் சொல்வதில் பொய்யில்லை. ஒட்டாத கண்ணாடியில் குமிழ் தெரிய வழியில்லை. ஆனால் அந்தக் கேஸை மாட்டிய பிறகு, வாட்ச்சின் திரைக்கும் கேஸின் கண்ணாடிக்கும் நடுவே திரை அகலத்துக்குக் காற்று நிற்கிறது. முழுத் திரையும் ஒரே குமிழுக்கு அடியில் இருப்பதால்தான் தனிக் குமிழ் கண்ணில் படுவதில்லை. வாட்ச் திரையைப் பாதுகாக்கப் போய் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்தக் காற்றிலிருந்தே தொடங்குகின்றன. விரல் வைத்தால் டச் எடுக்காதது, பாத்திரம் கழுவும்போது திரை தானாகவே எதையோ திறப்பது, ஃபிலிமின் ஓரம் தூக்கிக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம்.

வாட்ச் திரை நம் விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்முனைகள் குறுக்கும் நெடுக்குமாக வலை போல ஓடுகின்றன. விரல் அருகே வரும்போது அந்த மின்முனைகளின் மின்தேக்குத் திறன் கொஞ்சம் மாறும். எந்த இடத்தில் மாறியது என்று அளந்து, விரல் இங்கே இருக்கிறது என்று வாட்ச் முடிவு செய்கிறது. ஆகவே விரலுக்கும் அந்த வலைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். எவ்வளவு தடிமன் என்பதோடு, எந்தப் பொருள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மின்புலத்தைக் கடத்திக் கொடுப்பதில் காற்றை 1 என்று வைத்துக்கொண்டால், ஃபிலிம் செய்யும் பிளாஸ்டிக் சுமார் 3, கண்ணாடி சுமார் 7. அதாவது ஒரே தடிமனுள்ள கண்ணாடியைவிடக் காற்று ஏழு மடங்கு பெரிய தடை. இப்போது கணக்கைப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள டெம்பர்டு கிளாஸை இடைவெளியே இல்லாமல் ஒட்டினால் டச்சில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே கண்ணாடியைக் கேஸில் பொருத்தி, அடியில் 0.2 மில்லிமீட்டர் காற்று நிற்கும்படி விட்டால், அந்தக் காற்று மட்டுமே 1.4 மில்லிமீட்டர் கண்ணாடிக்குச் சமம். அந்த டெம்பர்டு கிளாஸிலேயே நாலைந்தை அடுக்கி ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது. தடிமன் பார்த்து வாங்குகிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். மெல்லிய கண்ணாடியா, தடித்த கண்ணாடியா என்பதைவிட, அது திரையோடு முழுக்க ஒட்டுகிறதா இல்லையா என்பதே டச்சைத் தீர்மானிக்கிறது.

ஒட்டும் கண்ணாடிகளிலும் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஓரம் வளைந்த திரைகளுக்கென்று விற்கும் சில கண்ணாடிகளில் சுற்றிலும் உள்ள கறுப்பு விளிம்பில் மட்டுமே பசை இருக்கும், நடுவில் இருக்காது. ஒட்டிய அன்று அழகாகத் தெரியும். ஆனால் நடுத்திரையில் மெல்லத் தடவினால் டச் விட்டுவிட்டு எடுக்கும். வாங்குமுன் பின்பக்கத்து உறையைக் கொஞ்சம் நீக்கி, பசை முழுவதும் இருக்கிறதா, விளிம்பில் மட்டுமா என்று பார்த்துவிடுவது நல்லது.

டச் குறைவது ஒரு பக்கத் தொல்லை என்றால், தண்ணீர் புகுந்தால் நேர் எதிரானது நடக்கும். கேஸ் கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் ஒரு படலமாகப் பரவிக்கொள்ளும். காற்றை 1 என்று வைத்த அதே அளவில் தண்ணீர் சுமார் 80. வியர்வையும் சோப்புத் தண்ணீரும் மின்சாரத்தையும் கடத்தும். திரைக்கு அது ஒரு பெரிய விரலாகவோ, பல விரல்களாகவோ தெரியும். வாட்ச் தானாகப் பக்கம் புரட்டும், பாஸ்கோடு தப்பாக அடிக்கும், நீங்கள் தொட்டால் மட்டும் கேட்காது. வாட்ச் பழுது என்று நினைத்துச் சர்வீஸ் சென்டருக்குப் போவதற்கு முன் கேஸைக் கழற்றி, இரண்டையும் துடைத்துக் காயவைத்துப் பார்க்க வேண்டும். வாட்ச் தண்ணீர் தாங்குவதுதான், ஆனால் கேஸுக்குள் சிறைப்பட்ட தண்ணீர் மணிக்கணக்கில் காயாது. நம்மூர் வெயிலில் வியர்வை ஒன்றே போதும் அந்தப் படலம் உண்டாக.

அப்படியானால் ஒட்டுவதே வழி. எதை ஒட்டுவது என்பதைத் திரையின் வடிவம்தான் சொல்லும்.

சாம்சங் கேலக்ஸி வாட்ச் போன்ற வட்டத் திரைகளில் பல, நடுவில் தட்டையானவை. அவற்றுக்கு வட்டமான டெம்பர்டு கிளாஸ் சரியாக உட்காரும். ஆப்பிள் வாட்ச்சின் திரையோ நான்கு ஓரத்திலும் கீழ்நோக்கி வளைகிறது. மூலைகளில் ஒரே நேரத்தில் இரண்டு திசையில் வளைவு. காகிதத்தை டம்ளரைச் சுற்றிச் சுருட்டலாம், தேங்காயின் மேல் மடிப்பு விழாமல் ஒட்ட முடியாது. தட்டையான எந்தத் தகட்டுக்கும் இதே விதிதான். நீளாத பொருள் இரு திசை வளைவில் எங்காவது தூக்கியே தீரும். அதனால் இத்தகைய திரைக்கு, கொஞ்சம் இழுபடக்கூடிய டிபியு ஃபிலிம் பொருந்துகிறது. ஹைட்ரோஜெல் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். தொட்டால் ரப்பர் போல லேசாக மெத்தென்று இருக்கும். கண்ணாடியின் வழவழப்பு அதில் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

45 மில்லிமீட்டர் அலுமினிய ஆப்பிள் வாட்ச் ஒன்றுக்கு டிபியு ஃபிலிமை ஈரமுறையில் ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். இதைக் கற்றுக்கொண்டால் மற்றவை எளிது.

முதலில் ஃபிலிமின் அளவைப் பாருங்கள். ஒட்டாமல் திரைமேல் வைத்தால் கண்ணாடியின் ஓரத்தைவிடச் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் சிறியதாக இருக்க வேண்டும். ஓரம் வரை மூடும் ஃபிலிம் பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் சட்டைக் கைவிளிம்பும் பையின் வாரும் உரசி உரசி அதன் ஓரத்தைக் கிளப்பிவிடும். கிளம்பிய ஓரத்தில் அழுக்கு ஒட்டினால் அது மறுபடி ஒட்டாது.

இடம் முக்கியம். மின்விசிறியை நிறுத்துங்கள். வெந்நீர்க் குளியல் முடிந்த குளியலறையில், நீராவி தூசியைப் படியவைத்திருக்கும். அதுவே வீட்டில் கிடைக்கும் சுத்தமான அறை. வாட்ச்சின் பட்டையைக் கழற்றிவிடுங்கள். வாட்ச்சை முழுதாக அணைத்துவிடுங்கள். அணைத்தபின் சார்ஜரில் வைத்தால் தானே இயங்கத் தொடங்கும், அதனால் சார்ஜை முன்பே ஏற்றிக்கொள்ளுங்கள். 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துடைப்பான் பாக்கெட்டிலேயே வரும். அதனால் திரையின் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும்.

ஃபிலிமோடு ஒரு சின்னத் தெளிப்பான் தருவார்கள். தீர்ந்துவிட்டால் 100 மில்லி சுத்தத் தண்ணீரில் ஒரு சொட்டு பேபி ஷாம்பு கலந்தால் போதும். போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு ஃபிலிமுக்கு அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. இந்த ஈரத்தின் வேலை, பசையைச் சற்று நேரம் பிடிக்கவிடாமல் வைத்து, ஃபிலிமை நகர்த்தி இடம் பார்க்க உங்களுக்கு அவகாசம் தருவது. விரல் நுனிகளையும் நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த விரல் பசைப்பக்கத்தைத் தொட்டால் ரேகை அச்சாகப் பதிந்து நிற்கும், அது பிறகு போகாது.

தெளிப்பானை வாட்ச்சின் மேல் நேராக அடிக்காதீர்கள். ஃபிலிமின் பசைப்பக்கத்தில் மட்டும் லேசாக அடித்தால் போதும். பக்கவாட்டில் ஒலிபெருக்கித் துளையும் மைக் துளையும் இருக்கின்றன. வாட்ச் தண்ணீர் தாங்கும் என்றாலும் சோப்பு கலந்த நீரை அங்கே ஊறவிடத் தேவையில்லை. நீளமான ஒரு நேர்ப்பக்கத்தை முதலில் பொருத்தி, மற்ற பக்கத்தை மெல்லக் கீழே இறக்குங்கள். ஒரேயடியாகத் தட்டையாக வைத்தால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். இடம் சரியானதும் பிளாஸ்டிக் அட்டையைத் துணியில் சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். வெளியே வருவதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் போதும், இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டிய ஃபிலிம் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், அப்போது முதலில் விடுபடுவது மூலைகள்தான்.

மூலைகளைத் தொடக்கத்திலேயே அழுத்திப் போராடுவதுதான் பலரும் செய்வது. அப்போது பசை ஈரமாக இருப்பதால் அழுத்த அழுத்தக் கிளம்பும். நடுப்பகுதியை முடித்துவிட்டு கால் மணி நேரம் காத்திருங்கள். பசை பிடிக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு மூலையையும் விரலால் அரை நிமிடம் வீதம் அழுத்திப் பிடித்தால் விரலின் சூட்டில் ஃபிலிம் இளகி வளைவுக்கு இசைந்துவிடும். பிறகு இரவு முழுவதும் வாட்ச்சைத் தொடாமல், சார்ஜிலும் போடாமல் வைத்துவிட வேண்டும்.

காலையில் எழுந்து பார்த்தால் மங்கலாகவும் சின்னச் சின்னப் புள்ளிகளோடும் இருக்கலாம். பதறிப் பிய்த்துவிடுகிறவர்கள் இங்கேதான் ஃபிலிமை வீணாக்குகிறார்கள். டிபியு ஈரத்தை மெல்லத் தன் வழியாக வெளியே விடும். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். எது போகும், எது போகாது என்பதை விரலால் அறியலாம். அழுத்தும்போது நகர்ந்தால் அது நீரோ காற்றோதான், போய்விடும். அழுத்தினால் அடங்கி, விட்டதும் அதே இடத்தில் மறுபடி எழுந்தால், நடுவில் ஒரு தூசி இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்தத் துகளே தெரியும். அதை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஊசியால் குத்துவதும் வீண். தூசி இருக்கும் பக்கத்து ஓரத்தைச் செல்லோடேப்பால் தூக்கி, இன்னொரு துண்டு டேப்பால் துகளை ஒற்றியெடுத்துவிட்டு மீண்டும் இறக்க வேண்டும். உலர்முறையில் ஒட்டும் வட்ட டெம்பர்டு கிளாஸுக்கும் இதே வைத்தியம். கண்ணாடி விறைப்பானது என்பதால் ஒரு சிறு துகள்கூட அதைச் சுற்றிப் பெரிய வட்டத்துக்குத் தூக்கிவிடும். அங்கே தூசி எடுக்கும் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

புற ஊதா விளக்கில் இறுகும் திரவப் பசையை ஊற்றி வளைந்த கண்ணாடியை ஒட்டும் முறையும் உண்டு. காற்றை முழுவதும் வெளியேற்றுவதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. இருந்தாலும் வாட்ச்சுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஃபோனில் ஓரம் வழிந்தால் துடைக்க இடமிருக்கிறது. வாட்ச்சில் திரைக்கும் பொத்தானுக்கும் மைக் துளைக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் தூரம். உள்ளே இறங்கிய பசை இறுகிவிட்டால் எடுக்க வழியில்லை.

இனி சென்சார்கள். இங்கே ஒரு பயத்தை முதலில் நீக்கிவிடலாம். திரைமேல் ஒட்டும் ஃபிலிமால் இதயத்துடிப்பு அளவு கெடாது. பச்சை ஒளியால் துடிப்பை அளக்கும் சென்சாரும், சிவப்பு, அகச்சிவப்பு ஒளியால் ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரும் வாட்ச்சின் முதுகில், தோலைத் தொட்டபடி இருக்கின்றன. அடியெண்ணும் சென்சாரும் விழுந்தால் அறியும் சென்சாரும் உள்ளே இருக்கின்றன, அவற்றுக்கு ஃபிலிம் இருப்பதே தெரியாது. முன்பக்கத்தில் பாதிக்கப்படக்கூடியது ஒன்றே: சுற்றுப்புற வெளிச்சத்தைப் பார்த்துத் திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் சென்சார். கறுப்பு விளிம்புள்ள கண்ணாடி அதன் கண்ணை மறைத்துவிட்டால், வாட்ச் எப்போதும் இருட்டில் இருப்பதாக நினைத்துத் திரையை மங்கலாகவே வைத்திருக்கும். இருட்டறையில் திரையை எழுப்பி, ஃபோனின் டார்ச்சை அதன்மேல் அடித்துப் பாருங்கள். ஒளி கூடாவிட்டால் விளிம்பு மறைக்கிறது என்று பொருள்.

முதுகுச் சென்சார்களைத் தொந்தரவு செய்வது கேஸ். கழன்று விழாமலிருக்க வாட்ச்சின் அடிப்பக்கத்தைச் சுற்றி மடங்கிப் பிடிக்கும் உதடு போன்ற விளிம்பு சில கேஸ்களில் தடிமனாக இருக்கும். அது வாட்ச்சைத் தோலிலிருந்து சற்றுத் தூக்கிவிடும். இங்கேயும் நுழைவது அதே இடைவெளிதான். பக்கத்திலிருந்து வெளிச்சம் கசியும், நடக்கும்போது வாட்ச் ஆடும், துடிப்பு எண் தாறுமாறாகத் தாவும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. பட்டையைக் கழற்றி, கேஸோடு வாட்ச்சை மேசையில் நிமிர்த்தி வைத்து ஒரு ஓரத்தைத் தட்டுங்கள். முதுகுக் கண்ணாடி குவிந்து இருப்பதால் வாட்ச் ஆட வேண்டும். ஆடாமல் நான்கு பக்கமும் ஊன்றி நின்றால் மேசையைத் தொடுவது கேஸின் உதடு. கையிலும் அதுவேதான் நடக்கும். காந்தச் சார்ஜர் சரியாக உட்காராமல் சார்ஜ் நின்று நின்று ஏறினாலும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

உலோகக் கேஸ் என்றால் இன்னொரு கவலை. வானலையை உலோகம் மறிக்கும் என்பதால் ப்ளூடூத்தும் ஜிபிஎஸ்ஸும் பலவீனமாகலாம். பிளாஸ்டிக்கில் அந்தச் சிக்கல் இல்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது ஈசிஜி. ஆப்பிள் வாட்ச்சில் 2018-இல் வந்த சீரீஸ் 4 முதல் இந்த வசதி இருக்கிறது. எஸ்இ மாடல்களில் இல்லை. ஒரு மின்முனை முதுகில் மணிக்கட்டைத் தொடுகிறது, இன்னொன்று பக்கத்துத் திருகான டிஜிட்டல் கிரவுனில் இருக்கிறது. மறுகையின் விரலைக் கிரவுனில் வைத்தால்தான் ஒரு கையிலிருந்து மார்பு வழியாக மறுகைக்குச் சுற்று முழுமையாகும். கேலக்ஸி வாட்ச்சில் மேல்பொத்தானைத் தொட வேண்டும். வாட்ச் 4 முதல் வந்த உடல் கொழுப்பு அளவீட்டுக்கு இரண்டு பொத்தான்களிலும் விரல் வைக்க வேண்டும். பொத்தான்களை ரப்பர் உறையால் மூடும் கேஸைப் போட்டால், பொத்தான் அமுங்கும், மெனு திறக்கும், எல்லாம் வேலை செய்வதுபோலவே இருக்கும். ஆனால் விரல் உலோகத்தைத் தொடாததால் ஈசிஜி எடுபடாது. அவசரத்துக்கு எடுக்கும்போதுதான் அது தெரியவரும்.

டச் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்கும் கடையிலேயே இரண்டு நிமிடம் செலவிடலாம். பாஸ்கோடு பக்கத்தில் 1, 3, 7, 9 ஆகிய மூலை எண்களை மெல்லத் தட்டிப் பாருங்கள். மேல் ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் இழுத்துப் பாருங்கள். திரையின் ஓரத்தைச் சுற்றித் தடவி மெனுவை நகர்த்தும் வசதியுள்ள கேலக்ஸி வாட்ச் என்றால், கேஸின் மேடான விளிம்பு விரலைத் தடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கேலக்ஸி வாட்ச்சில் டிஸ்ப்ளே அமைப்புக்குள் டச் உணர்திறனைக் கூட்டும் வசதி உண்டு. டெம்பர்டு கிளாஸ் ஒட்டியவர்களுக்கு அது உதவும். கூட்டினால் ஈரத்துக்கும் கூடுதலாக எதிர்வினை காட்டும் என்பதால், தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள்.

எல்லா வாட்ச்சுக்கும் ஃபிலிம் தேவையும் இல்லை. கீறலை உண்டாக்குவது பெரும்பாலும் மணலும் சுவரும்தான். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, சஃபையருக்கு 9. சாதாரணக் கண்ணாடி 6-ஐ ஒட்டியே நிற்கும். ஸ்டீல், டைட்டானியம் ஆப்பிள் வாட்ச்களிலும் கேலக்ஸி வாட்ச் 5 முதல் வந்த முதன்மை மாடல்களிலும் சஃபையர் இருக்கிறது. அவற்றின்மேல் ஃபிலிம் ஒட்டுவது, கீறாத பரப்பைக் கீறும் பரப்பால் மூடுவது. அலுமினிய ஆப்பிள் வாட்ச், விலை குறைந்த வாட்ச்கள் ஆகியவற்றுக்கு ஃபிலிம் பயன்படும். ஆனால் அது கீறலை மட்டுமே தடுக்கும். கல் தரையில் ஓரமாக விழுந்தால் திரை உடைவதை அது தடுக்காது. கட்டட வேலை, பட்டறை, ஜிம் என்று கை எங்காவது மோதும் வேலை செய்பவர்களுக்கு, மேலே கண்ணாடி இல்லாமல் பக்கங்களை மட்டும் பிடித்து, பொத்தான்களைத் திறந்துவிடும் பம்பர் கேஸே சரியானது. கண்ணாடியோடு வரும் முழுக் கேஸை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இதயத்துக்காக வாட்ச் வாங்கிக் கொடுத்து, உடையக் கூடாது என்று அதற்குக் கேஸும் போட்டிருக்கிறீர்களா? இன்று மாலை அந்தக் கேஸோடு ஒருமுறை ஈசிஜி எடுத்துப் பாருங்கள். எடுபடவில்லை என்றால் கேஸைக் கழற்றிவிடுங்கள்.